நன்றியுரை முழுக்க வெறும் பெயர்ப் பட்டியலாக இருக்கிறது. எப்படி மாற்றுவது?

மண்துகள் | பிப்ரவரி 3, இரவு 10.40

உதிர்ந்த இலைகள் மண்ணில் மட்கும் வேகம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு. ஐந்தரை ஆண்டு வேலை. நேற்று நெறியாளர் கடைசிப் பிரதியைத் திருப்பித் தந்தார். இயல்களில் பெரிதாக எதுவும் குறிக்கவில்லை. நன்றியுரைப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்: "இவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா?"

பெயர்களை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை அப்படியே போடுகிறேன்:

> இவ்வாய்வு இனிதே நிறைவுற உறுதுணையாக இருந்த என் நெறியாளர் அவர்களுக்கும், ஆய்வுக்குழு உறுப்பினர்களுக்கும், துறைத்தலைவர் அவர்களுக்கும், நிதி வழங்கிய நிறுவனத்துக்கும், புள்ளியியல் பேராசிரியர் அவர்களுக்கும், ஆய்வக உதவியாளர் அவர்களுக்கும், நூலகப் பணியாளர்களுக்கும், சக ஆய்வாளர்கள் பதினொருவருக்கும், என் பெற்றோருக்கும், உடன்பிறந்தோருக்கும் எனது நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரே வாக்கியம். மொத்தம் 23 பேர். படிக்கும்போது எனக்கே எவர் முகமும் தெரியவில்லை.

மண்துகள் | பிப்ரவரி 3, இரவு 11.25

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் அடைமொழி போட்டுப் பார்த்தேன். "அன்புமிக்க", "அயராத", "ஒப்பற்ற". முன்பைவிட மோசமாகிவிட்டது. இடம் மாற்றிப் போட்டாலும் எல்லா அடைமொழியும் எல்லாருக்கும் பொருந்துகிறது.

வரிவடிவம் | பிப்ரவரி 4, காலை 7.10

தலைப்பை நடுவில் தடித்த எழுத்தில் போடுங்கள். பக்க எண் ரோமன் எண்ணில் வரவேண்டும், உள்ளடக்கத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். பெயர்களை இரண்டு பத்தியாகப் பிரித்துப் பட்டியலிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். என்னுடைய ஆய்வேட்டில் அப்படித்தான் செய்தேன்.

மண்துகள் | பிப்ரவரி 4, காலை 8.00

பக்க எண் சரிசெய்துவிட்டேன், நன்றி. என் சிக்கல் பக்க அமைப்பில் இல்லை, உள்ளே இருக்கும் வாக்கியத்தில்தான்.

பிரதிமேசை | பிப்ரவரி 4, பிற்பகல் 1.30

14 ஆண்டுகளாக ஆய்வேடுகளைப் படித்துத் திருத்தும் வேலை செய்கிறேன். ஒரு வழி சொல்கிறேன்.

23 பெயர்களையும் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: இவர் இல்லாதிருந்தால் இந்த ஆய்வேட்டில் எந்தப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்? "நல்லவர்", "ஊக்கம் தந்தார்" எல்லாம் பதில் ஆகாது. பக்க எண் வேண்டும். எண் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு கேள்வி: இவர் இல்லாதிருந்தால் எந்த மாதத்தில் நீங்கள் ஆய்வை விட்டிருப்பீர்கள்?

இரண்டுக்கும் பதில் வராதவர்களைத் தனியாக வையுங்கள். அவர்களை நீக்கவேண்டும் என்பதில்லை, ஒரே வரியில் சேர்த்து நன்றி சொல்லலாம். இப்போதைய வரைவில் அவர்களுக்கும் ஆய்வையே காப்பாற்றியவர்களுக்கும் ஒரே அளவு இடம் இருக்கிறது. படிப்பவருக்கு யார் முகமும் தெரியாமல் போவது அதனால்தான்.

மண்துகள் | பிப்ரவரி 5, இரவு 9.50

செய்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. 9 பேருக்குப் பக்க எண் கிடைத்தது. 5 பேருக்கு மாதம் கிடைத்தது. மீதி 9 பேர் அன்றாடம் கூட இருந்தவர்கள்.

எனக்கு அதிர்ச்சி தந்தது ஆய்வக உதவியாளர். பட்டியலில் ஆறாவது இடத்தில் வைத்திருந்தேன். அவருக்குக் கிடைத்தது ஒரு பக்கம் இல்லை, மூன்றாம் இயல் முழுவதும்.

நடந்ததைச் சொல்கிறேன். இலைகளை எடைபோட்டு, வலைப்பைகளில் இட்டு மண்ணில் புதைத்து, குறிப்பிட்ட நாட்களில் எடுத்து, கழுவி, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோடுவதுதான் முறை. எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவு மட்கியது என்று கணக்கு. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், எடை குறித்த என் நோட்டைப் புரட்டியவர் கேட்டார், "ஒவ்வொரு தட்டிலும் கடைசியாக எடைபோடுவதுதான் எப்போதும் கனமாக இருக்கிறது, ஏன்?" நான் கவனிக்கவே இல்லை. அடுப்பிலிருந்து எடுத்த இலைகளைத் திறந்த தட்டில் ஆறவிட்டு வரிசையாக எடைபோட்டிருந்தேன். காய்ந்த இலை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதல் பைக்கும் கடைசிப் பைக்கும் நாற்பது நிமிட இடைவெளி. கடைசிப் பை குறைவாக மட்கியதாகக் கணக்கு காட்டியது.

அன்று மாலையே, மாதிரிகளை ஈரம் படாமல் ஆறவைக்கும் மூடிய கலமான டெசிகேட்டரைக் கழுவி, அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் எடைபோட்ட மாதிரிகள் அத்தனையும் மறுபடி உலர்த்தி எடைபோட்டேன்.

இதையெல்லாம் "ஆய்வக உதவியாளர் அவர்களுக்கும்" என்ற மூன்று சொல்லில் முடித்திருக்கிறேன்.

மண்துகள் | பிப்ரவரி 6, காலை 6.15

இரவே எழுதிப் பார்த்தேன்:

> என் எடைக் குறிப்பேட்டைப் புரட்டி, தட்டின் கடைசி மாதிரிகள் கனமாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதன் காரணத்தை எனக்கு உணர்த்தி, டெசிகேட்டரைத் தயார் செய்து தந்து, மூன்றாம் இயலைக் காப்பாற்றிய ஆய்வக உதவியாளர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

விவரம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் மூச்சு முட்டுகிறது.

பிரதிமேசை | பிப்ரவரி 6, பகல் 12.20

மூச்சு முட்டுவதற்குக் காரணம் எச்சங்கள். புரட்டி, கண்டுபிடித்து, உணர்த்தி, தந்து, காப்பாற்றிய. ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே ஐந்து செயல்களை வாசகர் கையில் ஏந்திக்கொண்டு நடக்கவேண்டியிருக்கிறது. தமிழில் நன்றியுரை கல்வெட்டு மாதிரி ஆவது பெரும்பாலும் இதனால்தான். "நன்றி" என்ற சொல்லைக் கடைசியில் வைத்தே ஆகவேண்டும் என்று நினைத்து, மற்றதையெல்லாம் அதன் முன்னால் திணிக்கிறோம்.

ஆளை முதலில் கொண்டுவாருங்கள். நடந்ததை முற்றுவினையில் சொல்லுங்கள். "ஒரு நாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்." முற்றுப்புள்ளி. நடந்தது சரியாக வந்துவிட்டால் "நன்றி" என்று தனியாகச் சொல்லக்கூடத் தேவையிருக்காது. பக்கத்துக்குத் தலைப்பே அதுதானே.

"மூன்றாம் இயலைக் காப்பாற்றிய" என்பதையும் எடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தை மறுபடி எடைபோட்டேன் என்று சொன்னாலே அது புரிந்துவிடும்.

மண்துகள் | பிப்ரவரி 6, இரவு 10.05

> எங்கள் ஆய்வக உதவியாளர் ஒரு நாள் என் எடை நோட்டைப் புரட்டிவிட்டு, கடைசியாக எடைபோடும் மாதிரி எப்போதும் கனமாக இருப்பது ஏன் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை என் மேசையில் சுத்தம் செய்த டெசிகேட்டர் இருந்தது. மூன்று வாரம் எடைபோட்ட எல்லா மாதிரிகளையும் மறுபடி எடைபோட்டேன். மூன்றாம் இயலின் எண்கள் அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு வந்தவை.

சத்தமாகப் படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.

ஒரு பயமும் வந்தது. புறத்தேர்வாளர் இதைப் படித்தால் "முதலில் தவறாக எடைபோட்டாயா?" என்று கேட்கமாட்டாரா?

பிரதிமேசை | பிப்ரவரி 7, காலை 9.40

கேட்கலாம். முறையியல் பகுதியில் இது இருக்கிறதா?

மண்துகள் | பிப்ரவரி 7, காலை 9.55

"மாதிரிகள் டெசிகேட்டரில் ஆறவிடப்பட்டு எடைபோடப்பட்டன" என்று மட்டும் இருக்கிறது. மறுபடி எடைபோட்டதைச் சொல்லவில்லை.

பிரதிமேசை | பிப்ரவரி 7, காலை 10.30

அப்படியானால் முதலில் அங்கே ஒரு வாக்கியம் சேருங்கள். எந்த மாதிரிகள், ஏன், எப்போது மறுபடி எடைபோடப்பட்டன என்று. நன்றியுரையில் இருக்கும் ஒரு தகவல் முறையியலில் இல்லாவிட்டால்தான் தேர்வாளருக்குச் சந்தேகம் வரும். அங்கே இருந்துவிட்டால் இது நேர்மைக்குச் சான்று.

நன்றியுரையைப் பலர் முதலிலேயே படித்துவிடுவார்கள் என்பதை மறக்கவேண்டாம். ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏறினால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

மண்துகள் | பிப்ரவரி 8, இரவு 8.30

முறையியலில் இரண்டு வாக்கியம் சேர்த்து நெறியாளருக்கு அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்தது புள்ளியியல் பேராசிரியர்:

> நான்காம் இயலின் தரவைப் பகுப்பாய்வு செய்து தந்தவர் புள்ளியியல் துறைப் பேராசிரியர். ஒரே பாத்தியில் புதைத்த பைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல என்று அவர் காட்டினார்.

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 8, இரவு 9.15

"செய்து தந்தவர்" ஆபத்து. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் "இது என் சொந்த ஆய்வு" என்று உறுதிமொழி கையெழுத்திட்டிருப்பீர்கள். இரண்டு பக்கம் தள்ளி வேறொருவர் பகுப்பாய்வு செய்து தந்தார் என்று நீங்களே எழுதுகிறீர்கள். உண்மையில் யார் செய்தது?

இன்னொன்று. நன்றி சொல்லும் ஒவ்வொருவரிடமும் எழுத்துமூலம் அனுமதி வாங்கியே ஆகவேண்டும், அது பன்னாட்டு விதி. 23 கடிதம் தயார் செய்யுங்கள்.

மண்துகள் | பிப்ரவரி 8, இரவு 9.40

செய்தது நான்தான். நான் ஒவ்வொரு பையையும் தனி மாதிரியாக எண்ணியிருந்தேன். அவர் பாத்தியைத்தான் எண்ணவேண்டும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். 96 என்று நினைத்தது 12 ஆனது. மாதிரியுருவை நான் மறுபடி ஓட்டினேன். மரியாதைக்காக "செய்து தந்தார்" என்று எழுதிவிட்டேன்.

பிரதிமேசை | பிப்ரவரி 9, காலை 8.50

ஓரக்குறிப்பு முதலில் சொன்னது மிகச் சரி. மரியாதை காட்ட நினைத்து உதவியைப் பெரிதாக்கிவிடுகிறோம். "தா", "கொடு" என்ற துணைவினைகள் வேலையையே மற்றவர் தலைக்கு மாற்றிவிடும். "எழுதித் தந்தார்", "திருத்திக் கொடுத்தார்" என்று வரும் இடங்களையெல்லாம் ஒருமுறை தேடிப் பாருங்கள். பணம் கொடுத்து மொழித்திருத்தம் செய்திருந்தால் அதை மறைக்கவும் கூடாது. சில பல்கலைக்கழகங்கள் திருத்தியவர் பெயரையும் உதவியின் அளவையும் எழுதச் சொல்கின்றன.

இரண்டாவதாகச் சொன்னது பாதி அளவுக்குத்தான் சரி. எழுத்துமூல அனுமதி என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதழ்க் கட்டுரைகளுக்குத் தரும் பரிந்துரை. பெயர் போட்டாலே அவர் முடிவுகளை ஏற்றுக்கொண்டதாகப் படிப்பவர் நினைக்கலாம் என்பது காரணம். ஆய்வேட்டுக்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிதான் பொருந்தும். ஆனால் ஒருவரைப் பற்றி நிகழ்ச்சி எழுதினால் அந்த வரியை அவரிடம் காட்டுங்கள். பெயரின் எழுத்தையும் அப்போதே கேளுங்கள். பிழையாக அச்சான பெயரோடு வரும் நன்றி வாங்குபவருக்கு வலிக்கும்.

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 9, காலை 9.20

இதழுக்கான விதியை நான் எல்லாவற்றுக்கும் பொருத்திவிட்டேன். சரி. காட்டுவது நல்லது என்பதில் மாற்றமில்லை.

பழையபிரதி | பிப்ரவரி 9, இரவு 11.30

இதைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்தேன். 1998. நன்றியுரையின் கடைசி வரி: "ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த என் மனைவிக்கும் நன்றி." பெயர் இல்லை. 300 பக்கத்துக்கு மேல். அடிக்குறிப்புகளில் நான் விட்டிருந்த ஆண்டுகளை நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்ததும் அவர்தான். வாய்மொழித் தேர்வு எடுத்தவர்கள் பெயரெல்லாம் பட்டத்தோடு இருக்கிறது.

2017-ல் புரூஸ் ஹோல்சிங்கர் என்ற இலக்கியப் பேராசிரியர் பழைய நூல்களின் நன்றியுரைகளை #ThanksForTyping என்ற குறியோடு ட்விட்டரில் பகிர்ந்தார். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்த "என் மனைவி"க்கு நன்றி. பெயர் இருக்காது. அப்போது வருத்தத்தோடு படித்தேன், என் ஆய்வேட்டை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இன்றுதான் எடுத்தேன்.

மண்துகள், "பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும்" என்று விடாதீர்கள். பெயரைப் போடுங்கள்.

மண்துகள் | பிப்ரவரி 10, காலை 5.50

அம்மாவின் பெயரை எழுதியதும் கை நின்றது. ஐந்தரை ஆண்டில் ஒரு தாளில்கூட அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அக்காவின் பெயரும் சேர்ந்தது. நான்காம் ஆண்டு, கணினியின் வட்டு கெட்டுப்போனபோது, முந்தைய வாரம் "எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வை" என்று அக்கா கேட்டு வாங்கியிருந்த கோப்புதான் மிஞ்சியது.

அப்புறம், பட்டியலில் இல்லவே இல்லாத மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் நிலத்தில்தான் பைகளைப் புதைத்தேன். ஒருவர் உழும்போது என் குச்சிகளைச் சுற்றிக்கொண்டு போனார். மழை ஓடி மூடிய ஒரு பாத்தியை இன்னொருவர் தோண்டிக் காட்டினார். பக்கம் 61-ல் விடுபடாத ஒரு வரிசை இருக்கிறது என்றால் அவரால்தான். மூவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து ஒரு பத்தி எழுதிவிட்டேன். இதுவரை எழுதியதில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பிரதிமேசை | பிப்ரவரி 10, காலை 8.15

நிறுத்துங்கள். நிலம் தந்தவர்களிடம் அடையாளத்தை வெளியிடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தீர்களா?

மண்துகள் | பிப்ரவரி 10, காலை 8.40

கொடுத்தேன். ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. ஆய்வேட்டுக்குள்ளும் நிலம் 1, 2, 3 என்றுதான் வருகிறது.

பிரதிமேசை | பிப்ரவரி 10, காலை 9.05

அப்படியானால் பெயரும் ஊரும் வரக்கூடாது. அட்டவணையில் மண்ணின் தரம் எண்ணாக இருக்கிறது, நன்றியுரையில் பெயர் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் யாருடைய மண் கெட்டது என்று தெரிந்துவிடும். மூவர் மட்டுமே என்றால் பெயர் இல்லாமலேகூடச் சின்ன விவரம் காட்டிக்கொடுத்துவிடும். "மழை மூடிய பாத்தி" எந்த நிலத்தில் என்று இயலில் எழுதியிருக்கிறீர்களா, பாருங்கள்.

மாதிரிகள் தந்தவர், நேர்காணலுக்கு உட்கார்ந்தவர், நிலம் தந்தவர் என்று பெரிய கடன் இருக்கும் இடத்தில்தான் இந்தப் பிழை அதிகம் வருகிறது. அன்பு மிகுந்து எழுதும்போது வாக்கு மறந்துவிடுகிறது.

மண்துகள் | பிப்ரவரி 10, இரவு 10.10

நிலம் 2 என்று பக்கம் 61-ல் இருக்கிறது. எடுத்துவிட்டேன். இப்போது இப்படி:

> மூன்று குடும்பங்கள் தங்கள் நிலத்தை இரண்டு ஆண்டுகள் எனக்குத் திறந்துவிட்டார்கள். பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உழவின்போது என் குச்சிகளில் ஒன்றுகூடச் சாயவில்லை.

பெயர் இல்லை, ஊர் இல்லை. படித்தால் அவர்களுக்குப் புரியும். நேரில் போய்ப் படித்துக் காட்டப்போகிறேன்.

வரிவடிவம் | பிப்ரவரி 11, பிற்பகல் 3.00

என் முதல் பதிலில் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. இப்போது என் சிக்கல். என் முதல் நெறியாளர் இரண்டு ஆண்டு என் வரைவுகளைப் படிக்கவே இல்லை. பிறகு ஆளை மாற்றிக்கொண்டேன். உண்மையாக எழுதவேண்டும் என்றால் அதையும் எழுதலாமா?

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 11, மாலை 5.45

வேண்டாம். கிறிஸ்டோபர் பிரவுன் என்ற மாணவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் முதுநிலை ஆய்வேடு எழுதினார். குழு கையெழுத்திட்ட பிறகு, நன்றிக்கு நேரெதிராக, யார் யார் இடைஞ்சல் செய்தார்கள் என்று ஒரு பகுதியைச் சேர்த்தார். பட்டத்தை நிறுத்திவைத்தார்கள், வழக்குப் போட்டார், 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பட்டம் பிறகு கிடைத்தது, அந்தப் பகுதியோடு ஆய்வேடு நூலகத்தில் ஏறவில்லை.

வரிவடிவம் | பிப்ரவரி 11, மாலை 6.20

திட்ட வேண்டாம், சரி. அவருக்குப் பொய்யாக நன்றி சொல்லவேண்டுமா?

பிரதிமேசை | பிப்ரவரி 11, இரவு 9.00

இதில் எனக்கே இரண்டு மனம். படிக்காத வரைவுக்கு நன்றி சொன்னால், உண்மையாகப் படித்த இரண்டாம் நெறியாளருக்குச் சொல்லும் நன்றியின் மதிப்பும் குறைகிறது. பெயரையே விட்டுவிட்டால், அது தெரிந்தவர்களுக்குத் தெரிந்தே தீரும். ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்ததுபோல அவர் உண்மையில் செய்த ஒன்று இருந்தால், அதை மட்டும் ஒரு வரியில் சொல்லும்படிதான் இதுவரை பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பழையபிரதி | பிப்ரவரி 11, இரவு 9.50

நான் விட்டுவிடுவேன். வெற்றிடமும் உண்மைதான்.

மண்துகள் | பிப்ரவரி 14, இரவு 11.00

முடிந்தது. ஒன்றேகால் பக்கம். நிதி வழங்கிய நிறுவனத்துக்கான வரி மட்டும் அவர்கள் தந்த வாசகத்திலேயே, திட்ட எண்ணோடு, ஓர் எழுத்தும் மாற்றாமல் இருக்கிறது. அதில் கை வைக்கக்கூடாது என்று நெறியாளர் சொன்னார். மீதி ஒன்பது பேர் கடைசிக்கு முந்தைய பத்தியில், பெயரோடு, ஒரே வரியில். நெறியாளருக்கு எழுதியது இரண்டே வாக்கியம்: "என் வரைவுகளின் ஓரத்தில் அவர் எழுதியவை பெரும்பாலும் கேள்விகள். அவற்றில் ஒன்றுக்கு இந்தப் பக்கம் பதில்."

இன்று ஆய்வக உதவியாளரிடம் அவர் பத்தியைக் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். டெசிகேட்டரை வைத்தது மாலையில் இல்லை, மறுநாள் காலை என்றார். திருத்திவிட்டேன். பிறகு பேனாவை வாங்கி, தன் பெயரில் ஓர் ஒற்றெழுத்தை அடித்தார். ஐந்தரை ஆண்டும் நான் அதைத் தவறாகத்தான் எழுதியிருக்கிறேன். பழைய பட்டியலிலும் அதே தவறு இருந்திருக்கிறது.

நாளை அச்சுக்குப் போகிறது.